தள்ளுபடி கேட்காதீர்கள், தேதியைத் திருத்தக் கேளுங்கள்

*வணக்கம் ஐயா. எனக்கு வயது 43. ஒன்பது வருடமாக ஓர் ஆயுள் காப்பீட்டு பாலிசி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தவணை. இந்த வருடத் தவணைக்குக் கெடு மார்ச் 5. பணம் புரள்வதற்குத் தாமதமாகிவிட்டது. சலுகைக் காலம் ஏப்ரல் 4 வரை உண்டு என்பதால், ஏப்ரல் 2 வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு வங்கியின் செயலியில் கட்டினேன். கணக்கிலிருந்து அப்போதே பணம் போய்விட்டது. ஆனால் கம்பெனியில் 7-ஆம் தேதிதான் வரவு வைத்திருக்கிறார்கள். பாலிசி காலாவதியாகிவிட்டது, தாமதக் கட்டணமும் உடல்நல உறுதிமொழியும் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. ஏஜென்ட் ‘ஒரு கையெழுத்துதானே’ என்கிறார். கணவர் ‘சின்னத் தொகைதானே, கட்டிவிடு’ என்கிறார். நானோ, ‘தவறுதலாகத் தாமதமாகிவிட்டது, இந்த ஒரு முறை மன்னித்துத் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? இன்னொன்று, மூன்று வருடம் முன்பு எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அதையும் சொல்ல வேண்டுமா?*

*பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். ஏஜென்ட் கொடுத்த படிவத்திலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, நான் சொல்வதைப் படித்தபிறகு முடிவு செய்யுங்கள்.

மின்கட்டணம் ஒரு வாரம் பிந்தினால் நடப்பது அபராதம். மிஞ்சிப்போனால் இணைப்பைத் துண்டிப்பார்கள், கட்டியதும் திரும்பக் கொடுப்பார்கள். நடுவில் போனது நாலு நாள் வெளிச்சம். அங்கே ‘இந்த ஒரு முறை மன்னியுங்கள்’ என்று எழுதுவதில் எந்தக் கெடுதலும் இல்லை, பல நேரம் பலனும் கிடைக்கும். காப்பீட்டில் தாமதக் கட்டணம் என்பது வெளியே தெரியும் நுனி மட்டும். அதன் அடியில் இருப்பது ‘பாலிசி காலாவதி’ என்ற பதிவு. நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதம் அந்தப் பதிவை உங்கள் கையாலேயே உறுதி செய்கிறது. ‘தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்’ என்று எழுதினால், சலுகைக் காலத்துக்குள் பணம் கட்டவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகும். அவர்கள் பெருந்தன்மையாகக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் காலாவதி அப்படியே நிற்கும், உடல்நல உறுதிமொழியும் அப்படியே நிற்கும்.

உங்கள் விஷயத்தில் பெரிய ஆபத்து அந்த உறுதிமொழியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தேதியைப் பார்ப்போம்.

ஒரு பணத்துக்கு மூன்று தேதி

பணம் கணக்கைவிட்டுப் போன நிமிடமே தவணை கட்டியாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். 7-ஆம் தேதிதான் கட்டியதாகக் கம்பெனி சொல்கிறது. இரண்டுமே முழுமையான உண்மை இல்லை. ஒரு தவணை உங்களிடமிருந்து பாலிசிக்குப் போய்ச் சேர மூன்று படி உண்டு. உங்கள் கணக்கில் பற்று வைக்கும் நாள், கம்பெனியின் வங்கிக் கணக்கில் பணம் சேரும் நாள், கம்பெனி ஊழியரோ கணினியோ அந்தப் பணத்தை உங்கள் பாலிசி எண்ணில் வரவு வைக்கும் நாள். முதல் தேதி உங்களுக்குத் தெரியும். மூன்றாவதைக் கம்பெனி சொல்லிவிட்டது. நடுத் தேதியை இதுவரை யாரும் சொல்லவில்லை. இந்த வழக்கே அந்த நடுத் தேதியில்தான் தொங்குகிறது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை முழுசாக எடுங்கள். செயலியில் வந்த பச்சை டிக்கின் படம் போதாது; நீங்கள் பணம் அனுப்பச் சொன்னீர்கள் என்பதைத் தாண்டி அது பெரிதாக எதையும் நிரூபிக்காது. பல வங்கி அறிக்கைகளில் தேதிக்கு இரண்டு பத்தி இருக்கும். ஒன்று பரிவர்த்தனை நடந்த தேதி, மற்றது அது நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடும் தேதி. இரவு பத்தரை மணிக்குக் கட்டியதால், சில வங்கிகள் அன்றைய நேரம் முடிந்துவிட்டது என்று அடுத்த வேலை நாளில் சேர்த்திருக்கும். அப்படியே ஆனாலும் வெள்ளிக்கிழமை, 3-ஆம் தேதி; அன்று வங்கி விடுமுறை என்றால் சனிக்கிழமை, 4-ஆம் தேதி. அது கெடுவுக்குள்தான். அப்புறம் அந்த வரிக்கு நேராக இருக்கும் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, ‘இந்த எண்ணில் போன தொகை, பெறுபவரின் கணக்கில் எந்தத் தேதியில் சேர்ந்தது?’ என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘போயிடுச்சு மேடம்’ என்ற பதில்தான் வரும். எழுதிக் கேட்டால் தேதி போட்டுப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் இரண்டில் ஒன்றாக இருக்கும். கம்பெனியின் கணக்கில் 4-ஆம் தேதிக்குள் பணம் சேர்ந்திருந்தால் பேச்சே இல்லை. பாலிசி எண்ணோடு பொருத்திப் பார்க்க அவர்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டது அவர்களுடைய உள்வேலை. எந்தப் பாலிசிக்கு என்று தெரியாத பணத்தைக் கம்பெனிகள் தனிக் கணக்கில் போட்டு வைத்து, பிறகு பிரித்துச் சேர்ப்பது வழக்கம். நடுவில் சனி, ஞாயிறு வந்தால் அந்த வேலை நின்றுவிடும். அந்தத் தாமதத்துக்காக உங்கள் பாலிசியைக் காலாவதியாக்க அவர்களுக்கு இடமில்லை.

பணம் கம்பெனியின் கணக்குக்கே 7-ஆம் தேதிதான் போனது என்றால் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. அப்போது, நடுவில் பணத்தை வைத்திருந்தவர் யாருடைய ஆள் என்று பார்க்க வேண்டும். கம்பெனி தன் சார்பில் பணம் வாங்க ஒருவரை நியமித்திருந்தால், அவர் கையில் கொடுத்ததே கம்பெனிக்குக் கொடுத்ததாகும் என்று வலுவாக வாதாடலாம். நீங்களாக உங்கள் வங்கியிடம் ‘இதைக் கொண்டுபோய்ச் சேர்’ என்று சொல்லியிருந்தால், வங்கி உங்கள் ஆள். வழியில் ஆன தாமதம் உங்கள் பக்கம் விழும்.

இதை உங்கள் நினைவிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். அன்றிரவு செயலியில் என்ன செய்தீர்கள்? கம்பெனியின் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, பாலிசி எண்ணைத் தட்டியதும், உங்கள் பெயரும் கட்ட வேண்டிய தொகையும் தானாகத் திரையில் வந்ததா? வந்திருந்தால் அந்த விவரம் கம்பெனியின் பதிவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதாவது இந்த வழியில் பணம் வாங்கக் கம்பெனி ஏற்பாடு செய்திருக்கிறது. அந்தத் திரையையும், கம்பெனியின் இணையதளத்தில் ‘எந்தெந்த வழிகளில் கட்டலாம்’ என்ற பக்கத்தையும் இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். இணையப் பக்கங்கள் மாறிவிடும். மாறாக, கம்பெனியின் கணக்கு எண்ணை நீங்களே தட்டிச் சாதாரணமாகப் பணம் அனுப்பியிருந்தால் உங்கள் வாதம் பலவீனம்.

உங்களுக்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செயலியில் பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே ‘வரவாக மூன்று வேலை நாள் ஆகலாம்’ என்பது போல ஒரு சிறிய வரி இருந்திருக்கலாம். பாலிசி ஆவணத்திலும் ‘தொகை கம்பெனியை அடைந்த நாளே கட்டிய நாள்’ என்று ஒரு விதி இருக்கலாம். இரண்டும் இருந்தால் கம்பெனியின் பக்கம் கனம் கூடும். பாலிசி ஆவணத்தை எடுத்து ‘தவணை செலுத்துதல்’, ‘சலுகைக் காலம்’ என்ற இரண்டு பகுதிகளையும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். சலுகைக் காலத்தின் கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள் வரை தள்ளிப்போகும் என்று சில பாலிசிகளில் உண்டு. உங்கள் 4-ஆம் தேதி ஒரு சனிக்கிழமை.

‘ஒரு கையெழுத்துதானே’

புதுப்பித்தல் படிவம் வெறும் ரசீது இல்லை. அதில் கையெழுத்துப் போட்டால், பாலிசி ஒரு தடவை செத்துப்போனது, அதை உயிர்ப்பிக்கக் கேட்கிறேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்ததாக ஆகும். பிறகு தேதியைப் பற்றி வாதாட உங்களுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது.

இரண்டாவது, உடல்நல உறுதிமொழி. பாலிசி நடந்துகொண்டிருக்கும்போது புதிதாக ஒரு நோய் வந்தால், ஆயுள் காப்பீட்டில் பொதுவாக அதைக் கம்பெனிக்குத் தெரிவிக்கத் தேவையில்லை. ஒன்பது வருடம் முன்பு நீங்கள் இருந்த நிலையை வைத்துத்தான் அவர்கள் தவணையை நிர்ணயித்தார்கள். பிறகு வரும் நோய்க்கும் சேர்த்துத்தான் அந்தப் பாதுகாப்பு. அதனால் மூன்று வருடமாகச் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததில் உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் புதுப்பித்தல் என்று வந்துவிட்டால், இன்றைய உடல்நிலையைக் கேட்க அவர்களுக்கு உரிமை வந்துவிடுகிறது. கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் தவணையைக் கூட்டலாம், சில நிபந்தனை போடலாம், மறுக்கவும் செய்யலாம்.

‘சுகர் இருக்கிறதை எழுதாதீங்க, சிக்கல்’ என்று யாராவது அக்கறையாகச் சொல்வார்கள். கேட்காதீர்கள். மறைத்துப் புதுப்பித்த பாலிசி, கையில் இருந்தும் இல்லாத பாலிசி. பல பாலிசிகளில், தவறான தகவலைக் காட்டி உரிமைக் கோரிக்கையை மறுக்கக் கம்பெனிக்கு இருக்கும் ஆரம்ப வருடக் கெடு, புதுப்பித்த நாளிலிருந்து மறுபடியும் ஓடத் தொடங்கும். ஒன்பது வருடம் ஒழுங்காகக் கட்டிச் சேர்த்த பலத்தை ஒரே கையெழுத்தில் இழந்து, புதிதாகச் சேர்ந்தவர் நிலைக்குப் போய்விடுவீர்கள். உங்கள் கணவர் சொல்வது போலத் தொகை சின்னதுதான். அந்தத் தொகையோடு சேர்த்து எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை அவரிடமும் விளக்கிச் சொல்லுங்கள்.

ஆகவே, காலாவதியே ஆகவில்லை என்ற திருத்தத்தைக் கேளுங்கள். அது கிடைத்தால் உடல்நலக் கேள்வியே எழாது, தாமதக் கட்டணம் தானாக விழுந்துவிடும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். யார் மீதும் கோபம் வேண்டாம், குடும்பக் கஷ்டமும் வேண்டாம். கிளைக்கு ஒன்று, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒன்று. மின்னஞ்சலில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உங்கள் நிலைமைக்கு நான் இப்படி எழுதுவேன்:

> பொருள்: பாலிசி எண் (…) – தவணை வரவுத் தேதியைத் திருத்தக் கோருதல்
>
> மேற்படி பாலிசியின் மார்ச் 5 தவணையை, சலுகைக் காலம் முடியும் ஏப்ரல் 4-க்கு முன்பாக, ஏப்ரல் 2 அன்று (…) வங்கியின் செயலி வழியாகச் செலுத்தினேன். பரிவர்த்தனை எண் (…). அன்றே என் கணக்கில் பற்று வைக்கப்பட்டது. வங்கி அறிக்கை இணைத்துள்ளேன்.
>
> தங்கள் பதிவில் ஏப்ரல் 7 வரவு எனக் காட்டி, பாலிசி காலாவதியானதாகத் தெரிவித்துள்ளீர்கள். இதை நான் ஏற்கவில்லை. கீழ்க்கண்டவாறு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> அ. வரவுத் தேதியை ஏப்ரல் 2 எனத் திருத்துதல்.
> ஆ. காலாவதிப் பதிவை நீக்கி, பாலிசி இடைவெளியின்றித் தொடர்கிறது என எழுத்தில் உறுதி செய்தல்.
> இ. தாமதக் கட்டணத்தை ரத்து செய்தல்.
>
> இதற்கு இயலாது எனில், என் தொகை தங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்த தேதியையும், தாங்கள் சார்ந்திருக்கும் பாலிசி விதியின் எண்ணையும் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். கடந்த ஒன்பது ஆண்டுத் தவணைகளும் முறையாகச் செலுத்தப்பட்டுள்ளன. இக்கடிதம் என் உரிமைகளுக்குப் பாதகமின்றி எழுதப்படுகிறது.

கடைசிப் பத்தி சாதாரணமாகத் தெரிந்தாலும் கடிதத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது. நடுத் தேதியைக் கம்பெனியின் வாயிலிருந்தே வரவழைக்கிறது அது. சொன்னால் உங்களுக்கு ஆதாரம் கிடைக்கிறது. சொல்லாமல் மழுப்பினால், மேலே புகார் செய்யும்போது அந்த மழுப்பலே உங்கள் பக்கம் பேசும்.

ஒன்பது ஆண்டும் முறையாகக் கட்டியதாகச் சொல்லும் வரி உண்மையாக இருந்தால் மட்டும் வையுங்கள். இடையில் ஏதாவது வருடம் பிந்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். அவர்கள் கையில் பதிவு இருக்கிறது. ஒரு வரி பொய்யானால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள்.

வங்கிக்கும் தனியாக ஒரு புகார் போடுங்கள். பணம் உங்கள் கணக்கைவிட்டுப் போன பிறகு பல நாள் வழியில் தங்கியிருந்தால், அதற்கு அவர்கள் காரணம் சொல்ல வேண்டும். கம்பெனி கடைசிவரை ஒத்துவராவிட்டால், தாமதக் கட்டணத்தையாவது வங்கியிடம் ஈடாகக் கேட்க அந்தப் புகார் உதவும்.

காத்திருக்கும் நாட்களில்

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கடிதப் போக்குவரத்து நடக்கும் வாரங்களில் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தகராறில் இருக்கும். அதனால் மாதக்கணக்கில் இழுக்கவிடக் கூடாது. நீங்கள் கொடுத்த 15 நாள் முடிந்ததும் நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றாலோ மறுத்துவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பொதுவாக, முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும், அவர்கள் மறுத்திருக்க வேண்டும் அல்லது குறிப்பிட்ட நாள் வரை பதில் தராமல் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே நுழைவதற்கான நிபந்தனை. இன்றைக்கு நீங்கள் அனுப்பும் கடிதமே அதற்கான நுழைவுச் சீட்டு. கம்பெனியின் மறுப்புக்குப் பிறகு அங்கே போவதற்கும் ஒரு காலவரம்பு உண்டு, அதை மறுப்புக் கடிதம் வந்த அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிய பணம் இப்போது கம்பெனியிடம்தான் இருக்கிறது. அவர்கள் அதைத் திருப்பி அனுப்ப முயன்றால் கவனமாக இருங்கள். காசோலை வந்தால் மாற்றாதீர்கள். நேராகக் கணக்கில் போட்டுவிட்டால், ‘இதை நான் ஏற்கவில்லை, தவணையாக மறுபடி எடுத்துக்கொள்ளத் தயாராக வைத்திருக்கிறேன்’ என்று அன்றைக்கே எழுதுங்கள். பேசாமல் வைத்துக்கொண்டால் காலாவதியை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் சொல்ல முடியும். அதேபோல் 7-ஆம் தேதி வரவுக்கு அவர்கள் ரசீது கொடுத்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். ‘பாலிசி நடப்பில் இருந்தால் மட்டும்’ என்பது போன்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் தவணை ரசீதாகவே கொடுத்திருந்தால் அது உங்களுக்குச் சாதகம். ஒரு பக்கம் தவணை என்று வாங்கி வைத்துக்கொண்டு மறுபக்கம் பாலிசி இல்லை என்பது எடுபடாது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. காலாவதியாகிக் கொஞ்ச நாளே ஆன பாலிசிகளை, உடல்நல உறுதிமொழி கேட்காமல் தாமதக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சில கம்பெனிகள் சேர்த்துக்கொள்வது உண்டு. உங்கள் கம்பெனி அதற்கு ஒத்துக்கொண்டால் நான் கட்டச் சொல்வேன். ‘ஆட்சேபத்துடன், என் உரிமைக்குப் பாதகமின்றிக் கட்டுகிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். பாதுகாப்பு உடனே திரும்பும், கட்டிய தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமையும் கையில் இருக்கும். அந்த நிலையில் தாராளமாகத் தள்ளுபடியும் கேட்கலாம். நீங்கள் எழுதி வைத்திருந்த பணிவான கடிதத்துக்கு அதுதான் சரியான இடம், ‘தவறுதலாகத் தாமதமாகிவிட்டது, இந்த ஒரு முறை மன்னித்து’ என்ற சொற்களை மட்டும் நீக்கிவிட்டு.

எல்லா வழியும் அடைபட்டு, புதுப்பித்தல் ஒன்றுதான் மிச்சம் என்றானால், சர்க்கரை நோய் தெரிந்த தேதி, சாப்பிடும் மருந்து, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். படிவத்தை ஏஜென்ட் நிரப்பித் தந்தால் ஒவ்வொரு விடையையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்று அவர் போட்ட டிக்குக்கும் நீங்கள்தான் பொறுப்பாவீர்கள். கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை நோய் என்றால், தவணையைக் கொஞ்சம் கூட்டி ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. இந்தப் பாலிசியின் முடிவு தெரியும் வரை, புதிய பாலிசி எடுக்கிறேன் என்று இதைக் கைவிட்டுவிடாதீர்கள். இன்றைய வயதுக்கும் உடல்நிலைக்கும் புதியதன் தவணை நிச்சயம் அதிகமாக இருக்கும்.

கம்பெனி ஒத்துக்கொண்டு பதில் அனுப்பினால், கட்டணம் ரத்து என்ற வரியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டு விடாதீர்கள். ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்களா, ‘இடைவெளியின்றித் தொடர்கிறது’ என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் சொல் இருந்தால் அன்றைக்கே திருப்பி எழுதித் திருத்தச் சொல்லுங்கள். சரியான கடிதம் வந்ததும், பாலிசி ஆவணத்தோடு அதைச் சேர்த்து வைத்து, வாரிசாக யாரைக் குறிப்பிட்டிருக்கிறீர்களோ அவரிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.